நான்கு அடுக்குகளும் ஒரு விளக்கும்

நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் காட்டுவதற்கென மாணவர் சிலர் எடுத்த சிறு படத்தில், மாலை மங்கிய வேளையில் விடுதித் தாழ்வாரத்தின் நடுவே ஒரு குத்துவிளக்கு ஐந்து முகமும் எரிந்து நிற்கவேண்டும். ஆனால் விடுதிக்குள் தீ ஏற்ற அனுமதி இல்லை. ஆகவே தாழ்வாரத்தை மட்டும் காமிராவால் பிடித்துவிட்டு, விளக்கைக் கணினியிலே உருவாக்கிப் பின்னர் இரண்டையும் ஒன்று சேர்ப்பது என்று முடிவாயிற்று. அந்தச் சேர்க்கைப் பணி என் பங்காக வந்தது. நான்கு விநாடிக் காட்சி. விநாடிக்கு 24 படம் வீதம் 96 படங்கள். விளக்கின் ஒரு படத்தைக் கணினி வரைந்து முடிக்கப் பத்து நிமிடம் பிடித்தது. அதாவது மொத்தம் 16 மணி நேரம். இருந்த கணினியோ ஒன்றே ஒன்று. சுடரின் ஒளி சற்று அதிகம் என்று ஒருவர் சொன்னால், அதற்காக இன்னொரு பதினாறு மணி நேரத்தைச் செலவிட எவரிடமும் நேரம் இல்லை.

இதற்குத்தான் அடுக்குகள். விளக்கின் பித்தளை உடல் ஓர் அடுக்கு. அது தரையில் வீழ்த்தும் நிழல் ஓர் அடுக்கு. சுடர்கள் மட்டும் ஓர் அடுக்கு. காமிரா பிடித்த தாழ்வாரம் ஓர் அடுக்கு. இந்த நான்கையும் தனித்தனியே வரைந்து வைத்துக்கொண்டு, சேர்க்கும் வேளையில் ஒவ்வொன்றையும் வேண்டிய அளவு கூட்டலாம், குறைக்கலாம். வரைந்ததை மீண்டும் வரையவேண்டியதில்லை.

சேர்ப்பதற்கு நான் பயன்படுத்தியது நேட்ரான் என்னும் இலவச மென்பொருள். பிரான்சு நாட்டின் இன்ரியா ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாகி, எவரும் விலையின்றிப் பெறத்தக்கதாக வெளியிடப்பட்டது அது. அதில் ஒவ்வொரு செயலும் ஒரு சிறு பெட்டி. பெட்டிகளைக் கோடுகளால் இணைத்தால், ஒரு பெட்டியின் விளைவு அடுத்ததற்குப் போகும். பெட்டிகளை எந்த வரிசையில் வேண்டுமானாலும் இணைக்கலாம், மென்பொருள் தடுக்காது. ஆயினும் சரியான வரிசை ஒன்றே. அதை மனப்பாடம் செய்யவேண்டிய தேவையும் இல்லை. ஒளி உண்மையில் என்ன செய்தது என்று கேட்டுக்கொண்டால் போதும். பொருள் பின்னாலிருப்பதை மறைக்கிறது; நிழல் ஒளியைக் குறைக்கிறது; சுடர் ஒளியைக் கூட்டுகிறது; படத்துகளோ காட்சியில் இல்லவே இல்லை, அது காமிராவுக்குள் பிறப்பது. மறைத்தல், பெருக்கல், கூட்டல், இறுதியில் துகள் என்னும் இந்த நான்கையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எண்கள்

கணினித் திரைக்கென எழுதப்பட்ட ஒரு படத்தில் 0.5 என்னும் எண், வெண்மையின் பாதி ஒளியைக் குறிப்பதன்று. மனிதக் கண் இருட்டில் சிறு வேறுபாட்டையும் உணர்வது. வெளிச்சத்தில் அவ்வளவு உணராது. அதற்கேற்ப எண்களை வளைத்து எழுதுவது வழக்கம். திரையெண் 0.5 என்பது உண்மையில் ஏறத்தாழ 0.21 பங்கு ஒளியே.

இதனால் என்ன தீங்கு? 0.5 என்னும் திரையெண் உடைய சுவரின்மேல், அதே அளவு ஒளி இன்னொரு விளக்கிலிருந்து வந்து விழுகிறது என்று வையுங்கள். திரையெண்களையே கூட்டினால் 0.5 உம் 0.5 உம் சேர்ந்து 1.0 ஆகிறது, சுவர் தூய வெண்மையாகிவிடும். உண்மை ஒளியைக் கூட்டினாலோ 0.21 உம் 0.21 உம் சேர்ந்து சுமார் 0.43, அதைத் திரையெண்ணாக மாற்றினால் 0.69. முன்னது கண்ணைப் பறிக்கும் வெள்ளை; பின்னது சற்றே வெளுத்த சாம்பல். ஒளிவட்டங்கள் சுண்ணாம்பு பூசினாற்போலத் தோன்றும் படங்களுக்குப் பெரும்பாலும் காரணம் இந்த ஒரு தவறே.

நேட்ரானில் கோப்பைத் திறக்கும் `Read` பெட்டி, அக்கோப்பு எந்த நிறமுறையில் எழுதப்பட்டது என்று கேட்கும். அங்கே சரியான விடையைக் கொடுத்துவிட்டால், அது எண்களை நேர் ஒளியளவாக மாற்றித் தரும். காட்டும் வேளையில் திரைக்கேற்ப வளைப்பது பார்வைப் பெட்டியின் வேலை. காமிராப் படம் திரைக்கென வளைக்கப்பட்டது. கணினி வரைந்த அடுக்குகளை `.exr` கோப்பாக எழுதியிருந்தால் அவை முன்பே நேர் ஒளியில் இருப்பவை. இரண்டுக்கும் ஒரே விடையைக் கொடுத்தால் ஏதேனும் ஒன்று கெடும். விளக்கு மிகவும் வெளுத்தோ மிகவும் கருத்தோ தெரிந்தால், வேறெதையும் தொடுமுன் இந்த இடத்தைப் பார்க்கவேண்டும்.

மறைத்தல்

விளக்கின் அடுக்கில் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றோடு நான்காவதாக ஆல்பா என்றோர் எண் உண்டு. அப்புள்ளியை விளக்கு எவ்வளவு பங்கு நிரப்புகிறது என்பதை அது சொல்லும். உடலின் நடுவே 1, வெற்றிடத்தில் 0, விளிம்பில் இடைப்பட்ட ஏதோ ஓர் எண்.

1984 ஆம் ஆண்டில் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் என்னும் இருவர் எழுதிய கட்டுரையில் இந்த ஆல்பாவைக் கொண்டு படங்களைச் சேர்க்கும் கணக்கை வகுத்தார்கள். நேட்ரானின் `Merge` பெட்டியில் `over` என்று காண்பது அவர்களுடைய கணக்கே. முன்னடுக்கு A, பின்னடுக்கு B, ஆல்பா a என்றால்:

```
A + B × (1 − a)
```

A என்பதில் நிறம் முன்னதாகவே ஆல்பாவால் பெருக்கப்பட்டிருக்கிறது என்பது இதன் மறைவான நிபந்தனை. விளிம்பில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். பித்தளையின் ஒளி 0.8, ஆல்பா 0.5. பெருக்கிய எண் 0.4. பின்னால் சுவர் 0.2. அப்பொழுது 0.4 உடன் 0.1 சேர்ந்து 0.5 ஆகிறது. பித்தளை பாதி, சுவர் பாதி, இதுவே சரி.

ஒருமுறை பெருக்கியதை அறியாமல் மீண்டும் பெருக்கிவிட்டால் 0.4 என்பது 0.2 ஆகும், விடை 0.3. பித்தளைக்கும் சுவருக்கும் நடுவே கருங்கோடு ஒன்று விளக்கைச் சுற்றி ஓடும். பெருக்கவேண்டியதைப் பெருக்காமல் விட்டாலோ 0.8 உடன் 0.1 சேர்ந்து 0.9 ஆகி, விளிம்பில் வெள்ளைக்கோடு மின்னும். ஆக, கருங்கோடு கண்டால் பெருக்கல் மிகுந்தது, வெண்கோடு கண்டால் பெருக்கல் குறைந்தது என்று நோய்க்குறியைக் கொண்டே நோயை அறியலாம். `.exr` கோப்பு வழக்கமாகப் பெருக்கப்பட்டு வரும். `.png` கோப்பு பெருக்கப்படாமல் வரும்.

விளக்கின் நிறத்தைத் திருத்தும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். முதலில் `Unpremult` பெட்டியால் வகுத்து, பிறகு நிறத்தைத் திருத்தி, அதன்பின் `Premult` பெட்டியால் பெருக்கவேண்டும். வகுக்காமல் எல்லா எண்களோடும் 0.05 ஐக் கூட்டினால், விளக்கே இல்லாத வெற்றிடத்திலும் 0.05 ஏறி, தாழ்வாரம் முழுவதும் மூடுபனி படர்ந்தாற்போல் ஆகிவிடும்.

நிழல்

நிழலைக் கறுப்பு நிறம் என்று எண்ணுவதே இயல்பு. கணினியும் அவ்வாறே தருகிறது: நிழல் அடுக்கில் நிறம் சுழி, எவ்வளவு நிழல் என்பதை ஆல்பா சொல்கிறது. இதை அப்படியே தாழ்வாரத்தின்மேல் வைத்தால், முழு நிழல் விழும் இடம் கரி பூசியதுபோல் ஆகும். தரையில் யாரோ துணி விரித்திருக்கிறார்கள் என்று தோன்றுமேயன்றி, நிழல் என்று தோன்றாது.

ஏன்? தாழ்வாரத்தின் மேல் ஒரு மின்விளக்கு. வெளியே அந்தி வானம். குத்துவிளக்கு மறைப்பது மின்விளக்கின் ஒளியை மட்டுமே. வானத்தின் நீல ஒளி நிழலுக்குள்ளும் வந்து விழுகிறது. ஆகவே நிழலில் ஒளி குறைகிறது. அது மட்டுமன்று, மூன்று நிறமும் வெவ்வேறு அளவில் குறைகின்றன.

எவ்வளவு குறையவேண்டும் என்பதை ஊகிக்க வேண்டாம். அதே படத்தில், அதே தரையில், ஒரு தூணின் உண்மையான நிழல் விழுந்திருந்தது. பார்வைப் பெட்டியில் சுட்டியை வைத்து எண்களைப் படித்தேன். வெளிச்சத்தில் இருந்த தரையில் சிவப்பு 0.40, பச்சை 0.36, நீலம் 0.28. தூணின் நிழலுக்குள் சிவப்பு 0.10, பச்சை 0.108, நீலம் 0.112. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 0.25, 0.30, 0.40 என்று மூன்று விகிதங்கள் கிடைக்கின்றன. சிவப்பு நான்கில் ஒரு பங்காகத் தேய, நீலம் ஐந்தில் இரு பங்கு எஞ்சுகிறது. படிக்கும்போது நிழலின் மங்கிய ஓரத்தை விட்டு அதன் நடுப்பகுதியைப் படிக்கவேண்டும். இரண்டு இடங்களிலும் தரைக்கல் ஒரே வகையாக இருக்கவேண்டும்.

இனி இந்த விகிதங்களை நிழல் அடுக்கிற்கு ஊட்டவேண்டும். `Shuffle` பெட்டியால் ஆல்பாவை மூன்று நிறங்களுக்கும் நகலெடுத்து, `Invert` பெட்டியால் தலைகீழாக்கினால், நிழலற்ற இடம் 1 ஆகவும் முழு நிழல் 0 ஆகவும் ஆகும். பிறகு `Grade` பெட்டியில் `Black` என்னும் இடத்தில் 0.25, 0.30, 0.40 என்று எழுதினால், 0 இருந்த இடத்தில் இந்த விகிதங்கள் வந்து அமரும். 1 இருந்த இடம் 1 ஆகவே நிற்கும். விளைவைத் தாழ்வாரத்தோடு `Merge` பெட்டியில் `multiply` முறையில் பெருக்கினால், குத்துவிளக்கின் நிழலும் தூணின் நிழலும் உடன்பிறப்புகள் ஆகிவிடும்.

இரண்டு இடர்கள் இங்கே உண்டு. குத்துவிளக்கின் நிழல் நீண்டு தூணின் நிழலுக்குள் புகுந்தால், அங்கே 0.10 மீண்டும் 0.25 ஆல் பெருக்கப்பட்டு 0.025 ஆகும், நிழலுக்குள் இன்னொரு கருநிழல் தோன்றும். உண்மையில் அப்படி நேராது. மின்விளக்கின் ஒளியைத் தூண் முன்பே தடுத்துவிட்டது. இல்லாத ஒளியைக் குத்துவிளக்கு எங்ஙனம் தடுக்கும்? ஆகவே தூண் நிழலின் எல்லையை `Roto` பெட்டியால் வரைந்து, அந்த எல்லைக்குள் நம் நிழலை நீக்கவேண்டும். வரையும் கோட்டின் ஓரம், தூண் நிழலின் ஓரம் எவ்வளவு மென்மையோ அவ்வளவு மென்மையாக இருக்கட்டும்.

இரண்டாவது, நிழலை மென்மையாக்கச் சேர்க்கும் வேளையில் ஒரே அளவாக மங்கலாக்குவது. விளக்கின் அடிப்பாகம் தரையைத் தொடும் இடத்தில் நிழல் கூர்மையாகவும், தலைப்பாகத்தின் நிழல் மென்மையாகவும் விழுவதே இயற்கை. ஒரே அளவாக மங்கலாக்கினால் தொடும் இடத்தின் கூர்மை போய்விடும். விளக்கு தரைக்கு ஓர் அங்குலம் மேலே மிதக்கும். மென்மையை வரையும்போதே, ஒளிமூலத்தின் பருமனைச் சரியாக வைத்துப் பெறவேண்டும். இதைச் சேர்க்கையால் பின்னர் சீர்செய்ய முடியாது.

சுடரின் ஒளிவட்டம்

சுடரைச் சுற்றிக் காணும் ஒளிவட்டம் காற்றில் இருப்பதன்று. பனியோ புகையோ இல்லாத இடத்தில், அது காமிராக் கண்ணாடிக்குள் பிறக்கிறது. சுடரிலிருந்து வரும் ஒளியில் ஒரு சிறு பங்கு கண்ணாடியில் சிதறி, அக்கம்பக்கத்துப் புள்ளிகளில் போய் விழுகிறது. சிதறிய ஒளி அங்கே முன்பே இருந்த ஒளியோடு சேர்கிறது. ஆகவே இது கூட்டல்: சுடர் அடுக்கை மங்கலாக்கி, சிறு பங்காகக் குறைத்து, `plus` முறையில் கூட்டவேண்டும்.

இந்தச் சிறு பங்கு கண்ணுக்குத் தெரியவேண்டுமானால், சுடரின் உண்மையான ஒளி அடுக்கில் பதிவாகி இருக்கவேண்டும். என் சுடரின் நடுவே எண் 30. அதாவது திரையின் வெண்மையைப்போல் முப்பது மடங்கு. மங்கலாக்கியபின் ஒரு புள்ளிக்கு அதில் இருநூறில் ஒரு பங்கு போய்ச் சேர்கிறது என்று கொண்டால், கிடைப்பது 0.15. பின்னாலிருக்கும் சுவர் 0.05 என்றால், அது 0.20 ஆக ஏறும்; ஒளிவட்டம் தெளிவாகத் தெரியும். அதே சுடரைச் சாதாரண 8 பிட் படமாக எழுதியிருந்தால், 30 என்பது 1.0 ஆக வெட்டப்பட்டிருக்கும். அதன் இருநூறில் ஒரு பங்கு 0.005, சுவர் 0.055 ஆகும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அப்பொழுது ஒளிவட்டம் போதவில்லை என்று பங்கைப் பத்து மடங்கு, இருபது மடங்கு ஏற்றுவோம். சுடரோடு சேர்ந்து வெளுத்த பொருளெல்லாம் ஒளிரத் தொடங்கும். 1 ஐத் தாண்டும் எண்களைத் தாங்கவல்ல `.exr` கோப்பில் சுடரை எழுதவேண்டும் என்பதன் காரணம் இதுவே.

ஒரே ஒரு மங்கலாக்கம் போதாது. கண்ணாடி சிதறும் ஒளி, நடுவில் மிகச் செறிந்தும் நெடுந்தொலைவுவரை மெல்லப் பரவியும் இருக்கும். 1920 புள்ளி அகலமுள்ள படத்தில் மூன்று `Blur` பெட்டிகளை 15, 60, 200 என்னும் அளவுகளில் வைத்து, அவற்றை முறையே 0.04, 0.02, 0.01 ஆல் பெருக்கிக் கூட்டினேன். ஒன்றை மட்டும் வைத்தால் சுடரைச் சுற்றிப் பஞ்சுருண்டை ஒட்டியதுபோல், எல்லை தெரியும் ஒரு வட்டம் நிற்கும். அளவு சரியா என்று அறிய, அதே படத்தில் மேலே தெரியும் மின்விளக்கின் ஒளிவட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரே கண்ணாடி வழியே வந்த இரண்டு ஒளிகள் ஒரே சாயலில் சிதறவேண்டும் அல்லவா?

இக்காட்சியின் நடுவே நண்பர் ஒருவர் விளக்கிற்கு முன்னால் நடந்து செல்கிறார். இருபது படங்கள்வரை அவர் உடல் விளக்கை மறைக்கிறது. அவருடைய உருவத்தை `Roto` பெட்டியால் படந்தோறும் வரைந்து, அந்த உருவத்தை விளக்கு அடுக்கிலிருந்தும் நிழல் அடுக்கிலிருந்தும் வெட்டி எடுக்கவேண்டும் என்பது எளிதில் விளங்கும். சுடரை எப்பொழுது வெட்டுவது? இங்கேதான் வரிசை முக்கியம். மங்கலாக்கிய பின் வெட்டினால், ஒளிவட்டம் அவர் தோளின் ஓரத்தில் கத்தரித்த காகிதம்போல் நின்றுவிடும். அவர் சுவரில் ஒட்டிய படமாகத் தோன்றுவார். வெட்டாமலே விட்டால், அவர் சட்டையை ஊடுருவிச் சுடர் ஒளிரும். முதலில் `stencil` முறையில் சுடரை வெட்டி, பிறகு மங்கலாக்கவேண்டும். அப்பொழுது அவர் சுடரை மறைக்க மறைக்க ஒளிவட்டம் தேயும்; மறைவதற்குச் சற்று முன்னர் அது அவருடைய தோளின்மேல் மெல்ல வழியும். உடல் மறைத்தது காமிராவுக்கு வெளியே. சிதறல் நடந்தது காமிராவுக்குள்ளே. எது முன்னே நடந்ததோ அதை முன்னே செய்கிறோம்.

துகள்

பழைய படச்சுருளில் ஒளியை வாங்குவது வெள்ளி உப்பின் நுண்மணிகள். அவை ஒழுங்கின்றிச் சிதறியிருப்பதால், ஒரே நிறமான சுவர்கூடத் திரையில் பொடி தூவியதுபோல் படபடக்கும். அதுவே கிரெயின் எனப்படுவது. இங்கே துகள் என்கிறேன். இக்கால மின்காமிராவில் மணிகள் இல்லை. எனினும் ஒளியளவைப் படிப்பதில் நேரும் சிறு தடுமாற்றம் அதே தோற்றத்தைத் தருகிறது. கணினி வரைந்த விளக்கிலோ இது அறவே இல்லை. படபடக்கும் தாழ்வாரத்தின் நடுவே விளக்கு மட்டும் மெழுகுபோல் அசைவற்று நின்றால், காரணம் சொல்லத் தெரியாதவருக்கும் அது ஒட்டவில்லை என்று தெரிந்துவிடும்.

எவ்வளவு துகள் வேண்டும்? இதையும் அளக்கலாம். காமிரா முக்காலியில் அசையாமல் இருந்தது. நண்பர் வருமுன் உள்ள அடுத்தடுத்த இரண்டு படங்களை எடுத்து, `minus` முறையில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தேன். சுவரும் தூணும் தரையும் இரண்டிலும் ஒன்றேயாதலால் அடிபட்டுப் போய், துகள் மட்டும் எஞ்சியது. வெறுஞ்சுவரின் ஒரு பகுதியில் `ImageStatistics` பெட்டியைக் கொண்டு, ஒவ்வொரு நிறத்திலும் எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்னும் திட்ட விலக்கத்தைப் படித்தேன். கழித்தலில் இரண்டு படங்களின் துகளும் கலந்திருப்பதால், வந்த எண்ணை 1.414 ஆல் வகுக்கவேண்டும். கிடைத்தவை சிவப்பில் 0.012, பச்சையில் 0.009, நீலத்தில் 0.016. நீலத்தில் துகள் மிகுதி. மஞ்சளான விளக்கொளியில் நீலம் குறைவாக இருப்பதால் காமிரா அதை மிகவும் பெருக்கிக் காட்டுகிறது. மூன்று நிறத்துக்கும் ஒரே அளவு துகள் போட்டால் ஒருபோதும் பொருந்தாது.

நேட்ரானில் துகள் தூவும் பெட்டிக்கு `SeGrain` என்று பெயர். துகளின் பருமனையும் அடர்த்தியையும் நிறவாரியாக அதில் வைக்கலாம். ஒவ்வொரு படத்துக்கும் அது புதிதாகத் தூவவேண்டும். ஒரே தூவல் எல்லாப் படங்களிலும் நின்றால், அழுக்குக் கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் இருக்கும். தாழ்வாரத்தில் துகள் முன்பே உள்ளது. படம் முழுவதும் தூவினால் அங்கே இரட்டிப்பாகிவிடும். ஆகவே விளக்கின் ஆல்பாவையே எல்லையாக வைத்து, அதற்குள் மட்டும் தூவினேன். நிழலையும் மறக்கலாகாது. தாழ்வாரத்தை 0.25 ஆல் பெருக்கியபோது அங்கிருந்த துகளும் கால்பங்காகத் தேய்ந்தது. உண்மையான நிழலில் ஒளி கால்பங்கானால் துகள் அவ்வளவு குறைவதில்லை. ஒளியின் வர்க்கமூலத்தை ஒட்டி அது பாதியளவே குறைகிறது. எனவே நம் நிழலுக்குள் சிறிது துகளைச் சேர்த்து ஈடுசெய்யவேண்டும்.

துகள் இறுதியில் வரவேண்டும் என்பதற்குக் காரணம் எளிது. தூவியபின் மங்கலாக்கினால் துகள் கரைந்துவிடும். தூவியபின் பெருக்கினால் அதன் அளவு மாறிவிடும். ஆக, முழு வரிசை இது:

```
Read -> Merge (multiply) -> Merge (over)
     -> Merge (plus) -> SeGrain -> Write
```

முதல் `Read` தாழ்வாரம். பெருக்கலில் நிழலும், மறைத்தலில் விளக்கும், கூட்டலில் சுடரும் அதன் ஒளிவட்டமும் வந்து சேர்கின்றன.

சோதனை

கண் களைத்தபின் எல்லாம் சரியாகவே தோன்றும். ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல் மூன்று சோதனைகளைச் செய்தேன். முதலாவது, பார்வைப் பெட்டியின் ஒளியை எட்டு மடங்கு ஏற்றுவது. அப்பொழுது இருட்டான இடங்கள் வெளிப்படும். தாழ்வாரத்தின் மிகக் கரிய மூலையிலும் 0.01 அளவு ஒளி இருக்க, விளக்கின் கருமை 0 ஆக இருந்தால், அங்கே துளையிட்டாற்போல் தெரியும். இரண்டாவது, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்ப்பது. மூன்றும் சேர்ந்து மறைக்கும் பிழை, நீலத்தில் மட்டும் பார்க்கும்போது பளிச்சென்று வெளிப்படும். மூன்றாவது, முடிந்த படத்திலும் அடுத்தடுத்த இரண்டு படங்களைக் கழித்துப் பார்ப்பது. அந்தக் கழித்தலில் விளக்கின் உருவம் கறுப்பாகத் தெரிந்தால் துகள் போதவில்லை. வெளுத்துத் தெரிந்தால் மிகுந்துவிட்டது. அசையும் சுடர்கள் மட்டும் தெரிந்து, பித்தளை உடல் சுவரோடு கலந்து மறைந்துபோனால் அளவு சரி.

இந்த நான்கு அடுக்குகளால் செய்ய இயலாததும் உண்டு. எரியும் சுடர் தரையையும் ஒளியூட்டும். சுடரொளி மட்டும் படும்படி ஒரு போலித் தரையை வரைந்து, அதை ஐந்தாவது அடுக்காகக் கூட்டினால் அக்குறை தீரும். ஆனால் நடந்து செல்லும் நண்பரின் சட்டையில் சுடரின் மஞ்சள் ஒளி படவேண்டுமே, அதற்கு இவற்றில் வழியில்லை. அவர் உடலின் வளைவும் மடிப்பும் எங்கே எப்படித் திரும்பியிருக்கின்றன என்பது தட்டையான அடுக்குகளுக்குத் தெரியாது. படம் எடுக்கும் நாளிலேயே, விளக்கு நிற்கப்போகும் இடத்தில் மஞ்சள் காகிதம் சுற்றிய சிறு மின்விளக்கு ஒன்றை வைத்து, அவர் கடக்கும்போது உண்மை ஒளியே அவர்மேல் படச்செய்வதுதான் சிறந்த வழி. பிற்பாடு அந்த மின்விளக்கைக் கணினி விளக்கு மறைத்துக்கொள்ளும். அதன் வெளிச்சம் மட்டும் சட்டையில் தங்கும்.